தொடர்கதைக்கு ஒரு மலைக்கிராமம்: பகை, உறவு, எழுதாத சட்டம் மூன்றையும் ஒரே வாய்க்காலில் கட்டுவது

மலைக்கிராமத்தை உருவாக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஊருக்குப் பெயர் வைக்கிறார்கள், பிறகு ஐம்பது பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். பத்தாவது அத்தியாயத்தில் அந்தப் பகை ஏன் வந்தது என்று அவர்களுக்கே தெரியாமல் போகிறது. பெயரைக் கடைசிக்கு வையுங்கள். ஊர் எதைப் பங்கு போட்டுப் பிழைக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மலையில் அதற்குத் தண்ணீரைவிட நல்ல பொருள் இல்லை. ஒரே ஊற்று, ஒரே வாய்க்கால், முறை வைத்துப் பாய்ச்சல். இதை வைத்தே முழு ஊரையும் கட்டிக் காட்டுகிறேன்.

படி 1: உயரத்தோடு வரைபடம்

தட்டையான வரைபடம் மலைக்கு உதவாது. மேலே ஊற்று, அதன்கீழ் மேலூர், 300 மீட்டர் கீழே கீழூர் என்று பக்கவாட்டுத் தோற்றமாக வரையுங்கள். பென்சிலும் தாளும் போதும். வரைபட மென்பொருள் இந்த நிலையில் நேரத்தைத் தின்னும்.

நடை நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். கீழூரிலிருந்து மேலூருக்கு வளைந்து போகும் பாதை ஒன்றரை கிலோமீட்டர் என்றால் நடைக்கு 18 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 48 நிமிடம். ஆனால் நேர்கோட்டில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே 700 மீட்டர்தான். கீழூரில் நிற்பவருக்கு மேலூர் முற்றத்தில் விறகு வெட்டுவது தெரியும். கோடாலி விழுந்து இரண்டு விநாடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். பகையாளியைத் தினமும் பார்க்கலாம், பேசுவது கேட்காது, போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். சமவெளி ஊருக்கு இந்த வசதி கிடையாது.

படி 2: பகைக்குக் கணக்கு வேண்டும்

'நிலத்தகராறு' என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தால் அது மூன்று அத்தியாயத்துக்குமேல் தாங்காது. இரண்டு தரப்பும் நியாயமாகப் பேச இடம் தரும் கணக்கு வேண்டும்.

நம் ஊரில் 33 பங்கு, ஒரு பங்குக்கு 6 மணி நேரத் தண்ணீர். ஒரு சுற்று 198 மணி நேரம், அதாவது எட்டு நாளும் ஆறு மணி நேரமும். அந்த உபரி ஆறு மணி நேரத்தால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய முறையும் ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். இந்தமுறை காலை ஆறுக்குப் பாய்ச்சியவர் அடுத்தமுறை நண்பகலில், அதற்கடுத்து மாலையில், பிறகு நள்ளிரவில். நான்கு சுற்றில் இரவு எல்லோருக்கும் வந்துபோகும்.

இப்போது மேல்வீட்டுப் பெரியவரின் தம்பி இறக்கிறார். ஆண் வாரிசு இல்லை, பத்தொன்பது வயதில் ஒரு மகள் மட்டும். பெரியவர் அந்தப் பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கிலிருந்தே நீக்கச் சொல்கிறார். எல்லோருக்கும் தண்ணீர் சீக்கிரம் வரும் என்று ஊரும் தலையாட்டுகிறது. 32 பங்கு, 192 மணி நேரம், சரியாக எட்டு நாள். முறை தள்ளிப்போவது அன்றோடு நின்றுவிடுகிறது. காலை ஆறுக்கு இருந்த மேல்வீட்டுக்கு என்றைக்கும் காலை ஆறு; நள்ளிரவில் மாட்டிக்கொண்ட கீழ்வீட்டுக்கு என்றைக்கும் நள்ளிரவு. அடுத்த ஆண்டு அந்த மகள் கீழ்வீட்டுக்கே மருமகளாகப் போகிறாள், அப்பாவின் பங்கைக் கேட்கிறாள்.

பெரியவர் தெரிந்துதான் செய்தாரா? விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் யாருக்கும் உறுதியாகத் தெரியக்கூடாது.

விரிதாளில் முறை நேரத்தை இப்படி எடுக்கலாம். A2-இல் கடந்துபோன சுற்றுகளின் எண்ணிக்கை. 6 என்பது தொடங்கிய மணி:

```
=MOD(A2*198+6, 24)
```

198-ஐ 192 ஆக்கினால் விடை எப்போதும் 6 என்றே வரும். இரவுக் காட்சி எழுதும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: உறவு

வம்சாவளி மென்பொருள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். யார் யாருக்குப் பிறந்தார் என்று அது காட்டும். யார் யாரோடு பேசுவதில்லை என்று குறிக்கப் பெரும்பாலும் அதில் இடமிருக்காது. ஒரு அட்டவணை போதும்: பெயர், பகை தொடங்கியபோது வயது, இப்போது வயது, யாரை எப்படி அழைக்கிறார்.

பகைக்கு 22 வருடம் ஆகிறது என்று வைத்தால் மகளுக்கு இப்போது 41, பெரியவருக்கு 70, மகளின் பையனுக்கு 18. அன்று பத்து வயதுகூட ஆகாதவர்களுக்கு, அதாவது இன்று 32-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, பகை வெறும் கேள்விப்பட்ட செய்தி. அவர்கள் வாயிலிருந்து பங்குக் கணக்கு துல்லியமாக வந்தால் தவறு.

அழைக்கும் முறைதான் அதிக வேலை செய்யும். பெரியவர் அவளுக்குப் பெரியப்பா. பேச்சு நின்றபின் அவள் வாயில் அவர் 'மேல்வீட்டுக்காரர்' ஆகிவிடுகிறார். பையனுக்கு அவர் தாத்தா முறை, ஆனால் அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லை எந்த அத்தியாயத்தில் அவன் சொல்லப்போகிறான் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

படி 4: எழுதாத சட்டம்

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்; அதை ஒரு கிழவரை விட்டு வெளியூர்க்காரனுக்கு விளக்க வைப்பதுதான் சிக்கல். ஊரார் தங்களுக்குள் சட்டத்தைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மீறும்போது மட்டுமே அது வெளியே தெரியும்.

ஆறு ஏழு சட்டம் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: யாரைக் கட்டுப்படுத்தும், யாருக்கு விலக்கு, மீறினால் ஊர் என்ன செய்யும். உதாரணம்: முறை முடிந்தவரே மடைக்கல்லை எடுத்து மாற்றி வைக்க வேண்டும், தண்ணீர் வாங்குபவர் கல்லைத் தொடக்கூடாது. சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் விலக்கு. மீறியவரின் அடுத்த முறைக்கு அக்கம்பக்கத்தார் யாரும் துணைக்கு வரமாட்டார்கள்.

"இந்த ஊரில் வாங்குபவர் கல்லைத் தொடக்கூடாது தம்பி, அது எங்கள் வழக்கம்" என்று எழுதினால் காட்சி செத்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

பையன் குனிந்து கல்லில் கை வைத்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கரையில் சாய்த்துவிட்டு, தண்ணீர் தன் வயலுக்கே ஓடிக்கொண்டிருக்க, திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார்.

எட்டு நாள் கழித்து நள்ளிரவில் அவன் மடையில் தனியாக நிற்கும்போது வாசகருக்குத் தானாகப் புரியும். புரியாதவர்களுக்காக ஒரு விளக்க வரி சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். அதே சட்டத்தை வேறொருவர் கடைப்பிடிக்கும் சிறு காட்சியை இரண்டு அத்தியாயம் முன்னால் வையுங்கள்.

பின்சேர்க்கை

பாதி தொடர் வெளியான பிறகு கணக்கு இடித்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெளியானதைத் திருத்தாதீர்கள், வாசகர் நினைவில் வைத்திருப்பார். ஏழாம் அத்தியாயத்தில் 'முப்பது வருடப் பகை' என்றும் பன்னிரண்டில் 'இருபத்திரண்டு' என்றும் வந்துவிட்டதா? இரண்டையும் யார் வாயால் சொன்னீர்கள் என்று பாருங்கள். பாத்திரம் சொன்னதென்றால் பிழையே இல்லை. 32 வயதுக்குக் கீழே உள்ளவர் கூட்டிச் சொல்வது இயல்பு. கதைசொல்லியின் குரலில் வந்திருந்தால்தான் தொல்லை. அதனால் தேதி, வயது, பங்கு எண்ணிக்கை மூன்றையும் கூடியவரை பாத்திரங்களின் பேச்சிலேயே வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் வெளியான அன்றே, எந்த எண்ணை யார் சொன்னார் என்று அட்டவணையில் ஒரு வரி ஏற்றிவிடுங்கள்.