40 பேர் என்று மட்டும் சொன்னால் சராசரி எப்படி வரும்?

மன்னார்குடிப் பக்கம் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒரு தடவை நான் தயாரித்த வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி போய்விட்டது: “ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் கணிதத் தேர்வு எழுதினர். கூட்டுச் சராசரி காண்க.” அதற்குரிய அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் குழம்புவார்கள் என்று நினைத்தால், பாதிப் பேர் விடையே எழுதிவிட்டார்கள். சிலர் 40-ஐ இரண்டால் வகுத்து 20 என்றார்கள். சிலர் 100-ஐ 40-ஆல் வகுத்து 2.5 என்றார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் “மொத்த மதிப்பெண் இல்லை சார்” என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் அவளுக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அஞ்சு மா நிலத்துல நெல் நடவு போட்டிருக்கேன், மாவுக்கு எத்தனை மூட்டை கண்டதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றார். சரிதானே. களத்தில் மொத்தம் எத்தனை மூட்டை வந்தது என்று தெரிந்தால்தான் ஐந்தால் வகுக்க முடியும். 40 என்பதும் அந்த ஐந்து மா மாதிரிதான். எதை வகுப்பது என்பது கேள்வியிலேயே இல்லை.

கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்தக் குறை சுலபத்தில் கண்ணில் படாது. அட்டவணை நம் மனதில் இருப்பதால், தாளிலும் இருப்பதாகவே படிப்போம். நான் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். தாளில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, கேள்விக்குப் பொருந்துகிற இரண்டு வகுப்புகளைக் கற்பனை செய்து பார்ப்பேன். ஒன்றில் 40 பேரும் 50 வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்றில் 40 பேரும் 80. இரண்டுமே கேள்விக்குப் பொருந்துகின்றன. ஆனால் சராசரி ஒன்றில் 50, மற்றதில் 80. விடை இரண்டு வந்துவிட்டால் கேள்வியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

கூடுதலாக ஏதாவது சொன்னால் போதுமா? 32 பேர் தேர்ச்சி என்று சேர்ப்போம். தேர்ச்சிக்கு 35 வேண்டும். தேறியவர்கள் எல்லோரும் சரியாக 35, தேறாத 8 பேரும் சைபர் என்றால் மொத்தம் 1,120, சராசரி 28. தேறியவர்கள் எல்லோரும் 100, மற்ற 8 பேரும் 34 என்றால் மொத்தம் 3,472, சராசரி 86.8. அதாவது சராசரி 28-க்கும் 86.8-க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். தேர்ச்சி எண்ணிக்கை எல்லையைக் கொஞ்சம் குறுக்கியதே தவிர விடையைத் தரவில்லை.

விட்டுப்போன அட்டவணையில் இருந்தது இது: 40 மதிப்பெண் 8 பேர், 55 மதிப்பெண் 12 பேர், 70 மதிப்பெண் 15 பேர், 90 மதிப்பெண் 5 பேர். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதை வாங்கியவர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் 320, 660, 1,050, 450. கூட்டினால் 2,480. அதை 40-ஆல் வகுத்தால் 62.

அட்டவணை கையில் இருந்தாலும் இங்கே ஒரு சறுக்கல் உண்டு. 40, 55, 70, 90 ஆகிய நான்கையும் கூட்டி 4-ஆல் வகுத்து 63.75 என்று எழுதுவார்கள். இது முதல் தவறின் மறுபக்கம். அங்கே ஆள் கணக்கு மட்டும் இருந்தது, மதிப்பெண் இல்லை. இங்கே மதிப்பெண் மட்டும் இருக்கிறது, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற நிகழ்வெண்ணை மறந்தாயிற்று.

மாணவர்கள் இப்படிக் குறையுள்ள கேள்வியைத் தேர்வில் பார்த்தால் எண்களைப் பிசைந்து ஏதோ ஒரு விடையைக் கொண்டுவர வேண்டாம். வெறுமனே விட்டுவிடவும் வேண்டாம். மொத்த மதிப்பெண்ணை x என்று வைத்து, சராசரி = x/40 என்று எழுதி, x தரப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் முறை தெரியும் என்பதாவது திருத்துபவருக்குப் புரியும்.

அப்புறம், ‘40 மாணவர்கள்’ என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் 40 பேரா, தேர்வு எழுதியவர்கள் 40 பேரா? மூன்று பேர் வராமல் 37 பேர் மட்டும் எழுதி, அவர்களுடைய மொத்தம் 2,480 என்றால் சராசரி ஏறக்குறைய 67. வராதவர்களுக்குச் சைபர் போட்டு 40-ஆல் வகுத்தால்தான் 62. நல்லவேளை, என் கேள்வியில் ‘தேர்வு எழுதினர்’ என்றாவது இருந்தது. மறுவாரம் அட்டவணையோடு அதே கேள்வியை மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை 63.75 எழுதியவர்கள் ஆறு பேர்.