கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு நூல்: விமானப் பாதை வரைபடத்தில் ஏன் வளைகிறது?

வன்னியில் கனடாவில் உறவினர் இல்லாத வீடு குறைவு. யாராவது பயணப்பட்டால் வீட்டிலுள்ளவர்கள் கைபேசியில் விமானத்தைப் பின்தொடர்கிறார்கள். உடனே கேள்வி வருகிறது: நேரே மேற்கே போகாமல் ஏன் வடக்கே ஏறி வளைந்து போகிறது? விடையை நீங்களே செய்து பார்க்கலாம். பூகோள உருண்டை, தையல் நூல், அடிமட்டம் ஆகிய மூன்றும் போதும். திரையில் பார்ப்பதைவிட உருண்டையையே நான் பரிந்துரைப்பேன். இழுபடும் நூலைக் கை உணர்ந்தால் பிறகு மறக்காது. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாடசாலை உருண்டை மிக வசதி. அதில் ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 425 கிலோமீற்றர்.

நூலின் ஒரு முனையைக் கிளிநொச்சியில் விரலால் அழுத்துங்கள். மறுமுனையை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய் இழுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். மனதில் தட்டை வரைபடம் இருப்பதால் நூலை அரபிக்கடல், யெமன், சகாரா, அத்திலாந்திக் வழியாக வைத்து, அங்கேயே விரலால் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் பிடிக்காதீர்கள். இரு முனைகளையும் மட்டும் பிடித்து, நூலைச் சற்றுத் தூக்கிவிட்டு மெல்ல இறுக்குங்கள். தொய்வு குறையக் குறைய நூல் வடக்கே நழுவும். இனி இறுக்க முடியாது என்னும் நிலையில் அது இராஜஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடமுனை, கிறீன்லாந்து, கியூபெக் வழியாகக் கிடக்கும். சரியாக வந்ததா என்று அறிய, அதே கோட்டில் நூலை நீட்டி உருண்டையை முழுதாகச் சுற்றுங்கள். அது உருண்டையை இரு சம பாதிகளாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிக்கும் வட்டமே பெருவட்டம். ஒரு பக்கம் பெரிதாகத் தெரிந்தால் நூல் இன்னும் நழுவ இடமிருக்கிறது.

இப்போது அளந்து பாருங்கள். இறுகிய நூல் சுமார் 32.4 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 13,770 கிலோமீற்றர். சகாரா வழியே வைத்த நூல் 37 சென்ரிமீற்றரைத் தாண்டும். அது ஏறத்தாழ 16,000 கிலோமீற்றர். வரைபடத்தில் நேராகத் தெரிந்த பாதைதான் 2,200 கிலோமீற்றர் கூடுதல்.

எண்ணால் சரிபார்க்க எக்செலிலோ லிப்ரே ஆபிஸிலோ இதைத் தட்டச்சு செய்யலாம்:

```
=6371*ACOS(SIN(RADIANS(9.38))*SIN(RADIANS(43.65))+COS(RADIANS(9.38))*COS(RADIANS(43.65))*COS(RADIANS(-79.38-80.40)))
```

9.38, 80.40 கிளிநொச்சியின் அகலக்கோடும் நெடுங்கோடும், 43.65, -79.38 ரொறன்ரோவுடையவை. மேற்கு நெடுங்கோட்டுக்கு முன்னுள்ள கழித்தல் குறியை விடாதீர்கள். விட்டால் விடை சுமார் 3,800 என்று வரும். அது கசகஸ்தானில் ஒரு புள்ளிக்கான தூரம்.

இனி வளைவின் காரணம். சுவர்களில் தொங்கும் உலகப் படங்களில் பலவும், கைபேசி வரைபடங்களும் உருண்டைப் பூமியைத் தட்டையாக வரைய 1569இல் வரைபடக் கலைஞர் மேர்கேற்றர் வகுத்த எறியத்தையோ அதன் வழிவந்ததையோ பயன்படுத்துகின்றன. பூமத்தியரேகையின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். நம் நூல் தொடும் மிக வடக்கான இடம் ஏறத்தாழ 72.7 பாகை, அந்த அகலக்கோட்டின் சுற்றளவு 12,000 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் வரைபடம் இரண்டையும் ஒரே நீளமாக வரைகிறது. எனவே 60 பாகையில் தூரங்கள் இரு மடங்காகவும், 72.7இல் மூன்று மடங்குக்கு மேலாகவும் இழுபடுகின்றன. வடக்கே உண்மையில் குறுகிய வழி, படத்தில் மட்டும் நீண்ட வளைவாகத் தெரிகிறது.

மேர்கேற்றர் நேர்கோட்டை வைத்ததற்கும் காரணம் உண்டு: அதில் போனால் திசைகாட்டியின் கோணம் மாறாது, மாலுமிக்கு அது பெரும் வசதி. பெருவட்டத்திலோ கோணம் மாறிக்கொண்டே இருக்கும். கிளிநொச்சியில் வடக்கிலிருந்து 17 பாகை மேற்கே சாய்ந்து புறப்படும் நம் பாதை, ரொறன்ரோவைத் தெற்கு நோக்கி இறங்கியே அடைகிறது.

உண்மை விமானங்கள் இந்தக் கோட்டில் அப்படியே பறப்பதில்லை. பலர் டோகாவிலோ டுபாயிலோ விமானம் மாறுகிறார்கள். 2022 முதல் ரஷ்ய வான்வெளி கனேடிய விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. மேல்வளிக் காற்றும் பாதையைத் தள்ளிவைக்கும்.

பின்சேர்க்கை: “எல்லாப் பாதையும் வடக்கேதான் வளையுமா?” என்று முல்லைத்தீவு வாசகர் ஒருவர் கேட்டார். இல்லை. தென் அரைக்கோளத்தில் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து சிட்னிக்கு நூல் இழுத்தால் அது தெற்கே நழுவும். கிளிநொச்சியிலிருந்து சென்னைக்கு இழுத்தால் வளைவே தெரியாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன, நெடுங்கோடுகள் தாமே பெருவட்டங்களின் பாதிகள்.