தையல் பயிற்சி மையத்துக்கு நிதி கேட்கும் புரபோசல்: முதல் பத்தி எழுதுவது எப்படி?

கிராமத்துப் பெண்கள் அறக்கட்டளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் புரபோசல் இப்படித் தொடங்கியது: "பெண்கள் நாட்டின் கண்கள். கிராமப்புறப் பெண்களின் பொருளாதார முன்னேற்றமே தேசத்தின் முன்னேற்றம். எங்கள் கிராமத்தில் தையல் பயிற்சி மையம் இல்லாததால் பெண்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள்." இரண்டு வாரம் கழித்து ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை பெண்கள், எவ்வளவு பணம், அது முடிந்ததும் என்ன ஆகும்?" மூன்றுக்கும் பதில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. அவர் அதுவரை படிக்கவில்லை, படிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

மேலே உள்ள மூன்றாவது வரியை இன்னொரு முறை பாருங்கள். "மையம் இல்லாததால் சிரமம்" என்பது பிரச்சினையே இல்லை. நாம் கேட்கப்போகும் தீர்வைத்தான் "இல்லை" என்று சேர்த்துத் திருப்பி எழுதியிருக்கிறோம். மையம் வந்துவிட்டால் எது சரியாகும் என்று அதில் எங்கும் இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் இங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் நோட்டுப் புத்தகம், அப்புறம் பேனா

எழுத உட்காருவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். குழுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். கேள்விகள் அதிகம் வேண்டாம்: வீட்டில் 18 முதல் 45 வயதுக்குள் எத்தனை பெண்கள், இப்போது என்ன வேலை, வருஷத்தில் எந்த மாதங்களில் கூலி கிடைப்பதில்லை, வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா, அதில் காசு வருகிறதா, பயிற்சி வைத்தால் எந்த நேரத்தில் வர முடியும்.

ஒரு மாதிரி ஊரை வைத்துக் கடைசி வரை போவோம். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் ஒரு கிராமம், 142 வீடு. (ஊரும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.) கேட்டுப் பார்த்ததில் 31 வீட்டில் ஏற்கெனவே தையல் மெஷின் இருக்கிறது. சிலருக்குச் சீதனமாக வந்தது, சிலருக்கு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்தது. ஆனால் அதை வைத்துச் சம்பாதிப்பவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்கள் கிழிந்ததைத் தைப்பார்கள், சேலைக்கு ஓரம் அடிப்பார்கள், அதோடு சரி. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "மெஷின் மிதிக்கத் தெரியும், கட்டிங் வராது." அளவெடுத்து ஜாக்கெட் துணியை வெட்டத் தெரியாது, வெட்டித் தப்பாகிவிட்டால் அடுத்தவர் துணிக்கு யார் பதில் சொல்வது என்கிற பயம். இன்னொரு பக்கம், வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பேர்போன கரூரைச் சுற்றி இருக்கும் தையல் யூனிட்களில் ஆள் தேவைப்படுகிறது. அங்கே இருப்பதோ மின்சாரத்தில் வேகமாக ஓடும் பவர் மெஷின். கால் மெஷினில் பழகியவர் அதில் உட்கார்ந்தால் துணி கையை மீறி ஓடும், இரண்டே நாளில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இப்போது பிரச்சினை கையில் கிடைத்துவிட்டது. மெஷின் ஊரிலேயே இருக்கிறது. கட்டிங்கும் பவர் மெஷின் பழக்கமும்தான் இல்லை. நோட்டுப் புத்தகம் இல்லாமல் எழுதியிருந்தால் "வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டிருப்போம். அந்த மெஷின்களும் துணி மூடி மூலையில் நின்றிருக்கும்.

எத்தனை பேர் சம்பாதிப்பார்கள் என்ற கணக்கு

இதை அவசரப்படாமல் போட வேண்டும், ஏனென்றால் நிதி தருகிற இடத்தில் படிப்பவர் முதலில் பென்சில் எடுப்பது இங்கேதான். வருஷத்துக்கு மூன்று பேட்ச், பேட்சுக்கு 20 பேர், ஆக 60 பேர். "60 பேரும் ஜாக்கெட் தைத்து மாதம் 3,000 ரூபாய் சம்பாதிப்பார்கள்" என்று எழுதிவிடலாம், படிக்க அழகாகத்தான் இருக்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய் என்றால், 3,000 ரூபாய்க்கு ஒருவர் மாதம் 20 ஜாக்கெட் தைக்க வேண்டும். 60 பேர் என்றால் மாதம் 1,200 ஜாக்கெட். 142 வீட்டில் யார் இத்தனை ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள்?

சுற்றியுள்ள குக்கிராமங்களையும் சேர்த்தால் 600 வீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ஜாக்கெட் என்றால் மாதம் 300. அதில் 15 பேர் பிழைக்கலாம், அதற்கு மேல் முடியாது. மீதிப் பேருக்கு வேறு வழி காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கிற தையல் யூனிட் உரிமையாளரிடம் போய்ப் பேசி, "பவர் மெஷின் தெரிந்தவர்களை ஒரு வருஷத்தில் 25 பேர் வரை எடுத்துக்கொள்கிறேன், வேன் அனுப்புகிறேன்" என்று ஒரு கடிதம் வாங்குங்கள். 15-ம் 25-ம் சேர்த்து 40. மற்ற 20 பேர் வீட்டுத் துணியைத் தைத்துச் செலவை மிச்சப்படுத்துவார்கள், சிலர் பாதியில் நின்றும் போவார்கள். கல்யாணம், பிரசவம், அறுவடை எல்லாம் இருக்கும் ஊர்தானே. 60-க்கு 40 என்று எழுதுங்கள். 60-க்கு 60 என்று எழுதும் அறக்கட்டளை இதுவரை பயிற்சி நடத்திப் பார்த்ததில்லை என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு முடிந்த பிறகு மெஷின் பட்டியலும் தானாக மாறும். கால் மெஷின் பத்து என்று யோசித்திருந்தால் இப்போது மோட்டார் வைத்த சாதா மெஷின் ஆறு, பவர் மெஷின் நான்கு, ஓவர்லாக் ஒன்று என்று ஆகிறது. காலையில் 10 பேர், மதியம் 10 பேர் என்று பிரித்தால் தையல் மெஷின் பத்து போதும். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, பயிற்சியாளர் சம்பளம், பழகும் துணி, நூல், கத்தரிக்கோல் சேர்த்து மொத்தம் 3,60,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40,000 குழுக்களின் பங்கு. கேட்பது 3,20,000.

யாருக்கு எழுதுகிறோம்

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்தைக் கேட்கிறோம் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை எந்தெந்த வேலைக்கு அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்று சொல்கிறது. பெண்களுக்கான தொழில்திறன் பயிற்சி அதில் வருகிறது. அதனால் "தொழில்திறன் பயிற்சி" என்ற சொல் முதல் பத்தியிலேயே இருக்கட்டும், படிப்பவர் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தேட வேண்டியதில்லை. கம்பெனி தானே தொடங்காத, வெளி அறக்கட்டளையாக இருந்தால், இதே போன்ற வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதும் விதி. உங்கள் அறக்கட்டளை எந்த ஆண்டிலிருந்து என்ன பயிற்சி நடத்துகிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண் போன்றவை பின்னால் வரும் பக்கத்துக்கு, முதல் பத்தியில் அவற்றை அடைக்க வேண்டாம்.

இப்போது எழுதுவோம்

வரிசை இதுதான்: நாங்கள் யார், ஊரில் என்ன கண்டோம், என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு கேட்கிறோம், முடிவில் என்ன மாறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வரி போதும். நம் மாதிரி ஊருக்கு எழுதினால் இப்படி வரும்:

> கரூர் மாவட்டம் கடவூர் பகுதியில் 2016 முதல் மகளிர் குழுக்களோடு வேலை செய்யும் பெண்கள் அறக்கட்டளை நாங்கள். கடந்த நான்கு ஆண்டுகளாக எம்ப்ராய்டரி, ஒயர் கூடைப் பயிற்சி நடத்திவருகிறோம். எங்கள் ஊரின் 142 வீடுகளிலும் நேரில் கேட்டதில், 31 வீட்டில் தையல் மெஷின் இருந்தும் ஏழு பெண்கள் மட்டுமே அதில் சம்பாதிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அளவெடுத்து வெட்டத் தெரியவில்லை. பவர் மெஷின் பழக்கம் இல்லாததால் அருகிலுள்ள தையல் யூனிட்களிலும் நிலைக்க முடியவில்லை. வரும் ஜூன் முதல் 12 மாதங்களில், நான்கு மாதப் பயிற்சியாக மூன்று பேட்சில் 60 பெண்களுக்குக் கட்டிங், பவர் மெஷின் இரண்டிலும் தொழில்திறன் பயிற்சி தர விரும்புகிறோம். மொத்தச் செலவு 3,60,000 ரூபாய். 40,000 ரூபாயை எங்கள் குழுக்கள் போடுகின்றன. தங்களிடம் கேட்பது 3,20,000 ரூபாய். பயிற்சி முடிந்த ஆறு மாதத்துக்குள் இவர்களில் குறைந்தது 40 பேர் தையலில் மாதம் 3,000 ரூபாயாவது ஈட்டுவார்கள்: 15 பேர் வீட்டிலிருந்து, 25 பேர் யூனிட்டில் (யூனிட்டின் கடிதம் இணைப்பில்).

இதில் "ஏழை", "அவல நிலை", "கண்ணீர்" எதுவும் இல்லை. 31 மெஷினில் ஏழு பேர்தான் சம்பாதிக்கிறார்கள் என்ற வரியே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. நம் ஊர்ப் பெண்களை இரங்கத்தக்கவர்களாகக் காட்டிப் பணம் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை, அவர்களும் அதை விரும்புவதில்லை.

ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் நிறைய. அப்போதும் தமிழில் முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு தெரிந்த ஒருவரிடம் மாற்றச் சொல்லுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதப்போனால் ஊரில் பார்த்தது போய், எங்கோ படித்த வாசகங்கள்தான் வந்து உட்காரும்.

அனுப்புவதற்கு முன்

குழுக் கூட்டத்தில் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கூடக் கேட்டுவிட்டு, "அந்த 15 பேரில் நம்ம தெருவுல யாரு?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பத்தி புரிந்திருக்கிறது. யாரும் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினால், எந்த வரியில் கவனம் போனது என்று திரும்பப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் நீளமான வரியாக இருக்கும்.

கடைசியாக பட்ஜெட் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். முதல் பத்தியில் 60 பேர் என்று இருந்து, பழகும் துணிக் கணக்கு 50 பேருக்குப் போட்டிருப்பது சாதாரணமாக நடக்கும், பட்ஜெட்டை ஒருவரும் பத்தியை இன்னொருவரும் எழுதுவதால். பட்ஜெட் மாறினால் அன்றைக்கே பத்தியையும் மாற்றிவிட்டு, பழைய பிரதியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.