பின்ன மட்டையைத் திருத்திய கதை

கிளிநொச்சிப் பக்கம் தரம் 6 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். 1/3, 1/5 என்று எழுதிய மட்டைத் துண்டுகளைக் கொடுத்தால் பின்னங்களை ஒப்பிடப் பழகுவார்கள் என்பது என் ஊகம். இப்படி ஓர் ஊகத்தை எழுதிவைத்து, வகுப்பில் பார்த்து, கருவியோடு ஊகத்தையும் திருத்துவதுதான் வடிவமைப்புசார் ஆய்வு.

முதல் சுற்றில் துண்டு கையில் இருக்கும்போதே பலர் 1/5 பெரிது என்றார்கள். கைகளைக் கவனித்தேன். நீளத்தை யாரும் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் வாசித்தார்கள். எழுத்தை நீக்கி, எந்தத் துண்டு எத்தனை முறை வைத்தால் முழு மட்டை நிறையும் என்று பார்த்து அவர்களே பெயரிடச் சொன்னேன். அடுத்த சுற்றில் துண்டுகளை ஆளுக்கொரு இடத்திலிருந்து வைத்தார்கள். இடப்பக்கம் ஒரு மரச்சட்டம் ஒட்டியதோடு அது தீர்ந்தது.

கடினமானது அதற்குப் பிறகுதான். மட்டையை எடுத்துவிட்டு 2/3, 3/4 கேட்டேன். "ரண்டும் ஒண்டுதான் சேர், ஒவ்வொரு துண்டுதானே குறையுது" என்றான் ஒருவன். தலையாட்டியவர்கள் நிறைய. சோதனைப் புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் காரணம் அகப்பட்டிருக்காது. மட்டையை மாற்றவில்லை, கேள்வியை மாற்றினேன்: "குறையிற துண்டில எது பெரிசு?" மட்டையைத் திரும்பக் கொடுத்ததும், முழு மட்டையில் மிஞ்சிய வெற்றிடத்தில் 1/3, 1/4 துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, 3/4தான் பெரிது என்றார்கள். ஆனால் 3/5, 5/7 போன்றவற்றில் குறைவது இரண்டிரண்டு துண்டு. அங்கே இன்னும் சிலர் தடுமாறுகிறார்கள்.

இப்போது பக்கத்து வகுப்பு ரீச்சர் மட்டையையும், எதை ஏன் மாற்றினேன் என்று எழுதிய குறிப்பையும் எடுத்துப் போயிருக்கிறா. நான் நிற்காத வகுப்பிலும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.