அழுகையை நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வளர்த்த ஆடு கருப்பனை விற்றுவிட்டுத் திரும்பும்போது பையன் தேம்பினான். "ஆம்பளப் புள்ள அழலாமா, நிறுத்து" என்றேன். சட்டென்று நிறுத்தினான். உதட்டைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டான். அது சமாதானம் இல்லை. வருத்தம் உள்ளேயே இருக்கிறது. வெளியில் காட்டினால் திட்டு விழும் என்று மட்டும் கற்றுக்கொள்கிறான். இப்படியே கேட்டு வளர்ந்த பலர், பெரியவர்களான பிறகும் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள்.

சொன்னதைச் சரிசெய்ய முடியும். அன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து, "கருப்பன் போனது கஷ்டமா இருக்கா? நான் அப்படிச் சொன்னது தப்பு, சாமி" என்றேன். மறுபடி அழுதான். அழ விட்டேன், மிட்டாய் காட்டித் திசைதிருப்பவில்லை. அதற்காக ஆட்டைத் திருப்பி வாங்க வேண்டியதும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கருப்பன் வேப்பந்தழை தின்னும் அழகை அவனே சொல்ல ஆரம்பித்தான்.