பாட்காஸ்டில் விருந்தினராகப் பேசப் போகிறீர்களா? முதல் மடலிலிருந்து தொடங்குவோம்

ஓர் ஆளை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கோவையில் சிறு பட்டறைகளுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப். வேலையும் பார்த்துக் கொடுக்கிறார். பட்டறை முதலாளிகள் தன்னைத் தேடி வரவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு எந்த நிகழ்ச்சியில், எப்படிப் பேசுவது?

1. யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

பி.எஃப். என்று தேடினால், பணம் எடுப்பது எப்படி என்று கேட்கும் ஊழியர்களுக்கான சேனல்கள்தான் வரிசையாக வரும். அங்கே பேசினால் போன் ஓயாமல் அடிக்கும், வேலை கிடைக்காது. அவருக்கு ஏற்றது சிறுதொழில் செய்பவர்கள் கேட்கும் நிகழ்ச்சி. பி.எஃப். பற்றி அதில் யாரும் இதுவரை பேசாதிருந்தால் இன்னும் நல்லது. சந்தாதாரர் எண்ணிக்கையைவிடக் கருத்துப் பகுதியை நம்புங்கள். “என் கம்பெனியில் 18 பேர் இருக்காங்க, நான் என்ன செய்யணும்?” என்று நாலு பேர் கேட்டிருந்தால் அதுதான் உங்கள் இடம். கடைசி எபிசோடு எப்போது வந்தது என்றும் பாருங்கள். பாதியில் நின்றுபோன நிகழ்ச்சிகள் நிறைய உண்டு.

2. மடல் எழுதுங்கள்

பெரும்பாலான மடல்கள் தன்விவரக் குறிப்பாக இருப்பதால்தான் பதில் வருவதில்லை. நடத்துபவருக்கு வேண்டியது ஒரு நல்ல எபிசோடு. ஆகவே எபிசோடையே எழுதி அனுப்புங்கள்:

> வணக்கம். ஆட்கள் அடிக்கடி மாறுவது பற்றி ஒரு பட்டறை உரிமையாளர் பேசிய எபிசோடைக் கேட்டேன். அதற்கு அடுத்து வரும் சிக்கலை நான் பேசலாம் என்று நினைக்கிறேன். ஆள் நின்றதும் பி.எஃப். தளத்தில் வேலையை விட்ட தேதியை முதலாளி பதியாவிட்டால், அந்த ஊழியர் பணம் எடுப்பதில் சிக்கல் வந்து திரும்பவும் கம்பெனி வாசலுக்கே வருவார். இதைத் தவிர்ப்பது எப்படி, 20 பேர் ஆனதும் என்ன செய்யவேண்டும், மாதாந்தரப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி எப்படி ஏறும் – இந்த மூன்றையும் அரை மணி நேரத்தில் சொல்வேன். என் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிய இரண்டு நிமிடக் குரல் பதிவை இணைத்திருக்கிறேன்.

அவ்வளவு போதும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பேசுவதற்குப் பணம் கேட்டால், அது விளம்பரம் என்று எபிசோடில் சொல்வார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

3. பதிவுக்கு முன்

ஒலிக்காகச் செலவு செய்யவேண்டாம். மெத்தையும் திரையும் உள்ள சின்ன அறை, நிறுத்திய மின்விசிறி, ஒயர் உள்ள இயர்போன் இருந்தால் போதும். புளூடூத் வேண்டாம். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் போன் கால் அளவுக்கு இறங்கிவிடும். இன்னொரு போனை ஒரு சாண் தள்ளி வைத்து, உங்கள் குரலைத் தனியாகவும் பதிந்துகொள்ளுங்கள். இணையம் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பதிவு எபிசோடைக் காப்பாற்றும்.

4. பேசும்போது

முதல் வாக்கியத்திலேயே பதிலைச் சொல்லிவிடுங்கள். “ஆள் நின்னா தேதியை யார் பதியணும்?” என்று கேட்டால், 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்கவேண்டாம். “முதலாளிதான் பதியணும். அவர் பதியலைன்னா, கடைசியா பணம் கட்டின மாசத்திலிருந்து ரெண்டு மாசம் கழிச்சு ஊழியரே பதியலாம்” என்று சொல்லிவிட்டுப் பிறகு விளக்குங்கள். பின்னால் வெட்டித் தனி ரீல்ஸாகப் போடவும் இப்படிப்பட்ட பதில்தான் உதவும்.

வாடிக்கையாளர் கதை சொல்லும்போது பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஊரும் தொழிலும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டில் ஒன்றை மாற்றிவிட்டு, மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். விதிகளைச் சொல்லும்போது எந்த மாதம், எந்த வருடம் பேசுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எபிசோடு பல வருடம் கிடக்கும், விதி அப்படியே இருக்காது.

5. கேட்டவர் உங்களிடம் வரும் வழி

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கடைசியில் “என் வெப்சைட், இன்ஸ்டா, நம்பர்” என்று மூன்றையும் அடுக்கினால், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவருக்கு ஒன்றும் மனதில் நிற்காது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதுவும் கேட்பவருக்குப் பயன்படுவதாக இருக்கட்டும். நம் கோவைக்காரர், ஆள் நின்ற அன்றைக்குச் செய்யவேண்டிய வேலைகளை ஒரே பக்கப் பட்டியலாக்கி, அந்த நிகழ்ச்சிக்கென்று தனி இணைப்பில் வைக்கலாம். எபிசோடின் விவரக் குறிப்பில் முதல் இரண்டு வரிக்குள் அந்த இணைப்பைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கீழே போனால் “மேலும்” என்பதற்குள் மறைந்துவிடும்.

பாட்காஸ்டுக்குப் பதிலாக வெபினாரில் பேசுகிறீர்கள் என்றால், கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தவர்களின் மின்னஞ்சல் பட்டியலைக் கேட்காதீர்கள். அவர்கள் நடத்துபவரை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரமில்லாமல் விடுபட்ட கேள்விகளை மட்டும் வாங்கி, பதில் எழுதி, நடத்துபவர் வழியாகவே அனுப்புங்கள்.