டேபிளா நிறைஞ்ச ஸ்லைடை ஒரு பாராவா எழுதுறது எப்படி?

பெங்களூர்ல ரிசர்ச் ஆபீஸ், என்ஜிஓன்னு புதுசா சேர்ற நம்மாளுங்க கைக்கு சீக்கிரமே வர்ற வேலை இது. சீனியர் ஸ்லைடை அனுப்பி "இதை ஒரு பாராவா எழுதிக் குடுங்க"ம்பாங்க, திறந்தா பூரா நம்பர். சென்சஸ் எழுத்தறிவு டேபிள்ல ரெண்டு மாநிலத்தை மட்டும் எடுத்து செஞ்சு காட்டுறேன். எல்லாம் சதவீதம், 2001லேர்ந்து 2011:

கர்நாடகா: ஆண் 76.10 → 82.47, பெண் 56.87 → 68.08
தமிழ்நாடு: ஆண் 82.42 → 86.77, பெண் 64.43 → 73.44

முதல்ல நம்பரை விட்டுட்டு தலைப்பையும் அடிக்குறிப்பையும் படிங்க. இது 7 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க கணக்கு, அது பாராவுலயும் வந்தாகணும்.

அடுத்து, படிக்கப் போறவங்க என்ன கேப்பாங்கன்னு ஒரே ஒரு கேள்வி எழுதி வச்சுக்கோங்க. இங்க கேள்வி, ஆண் பெண் இடைவெளி குறைஞ்சுதா? இதுக்கு பதில் சொல்லாத நம்பர் ஸ்லைடுலயே இருக்கட்டும்.

இப்ப கழிச்சுப் பாருங்க, ஏன்னா இடைவெளிங்கிற கட்டமே டேபிள்ல கிடையாது, நாமதான் போடணும். கர்நாடகா 19.23லேர்ந்து 14.39, தமிழ்நாடு 17.99லேர்ந்து 13.33. நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இதுதான்: முதல்லயே ரவுண்ட் பண்ணிட்டா தமிழ்நாடு 87லேர்ந்து 73 போக 14, கர்நாடகா 82லேர்ந்து 68 போக அதுவும் 14, ரெண்டும் சமம்னு தப்பா எழுதிருவோம். கழிச்சப்புறம்தான் ரவுண்ட் பண்ணணும்.

அப்புறம் குறுக்கால பாருங்க, நல்ல விஷயம் பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். கர்நாடக ஆண்களோட 2011 நம்பரும் தமிழ்நாட்டு ஆண்களோட 2001 நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா பெண்கள்ல கர்நாடகா அந்தப் பழைய தமிழ்நாட்டு அளவைத் தாண்டியே போயிருச்சு.

எழுதும்போது பதில் முதல் வரியில:

"2001-க்கும் 2011-க்கும் இடையில் கர்நாடகாவில் எழுத்தறிவில் ஆண் பெண் இடைவெளி 19 புள்ளியிலிருந்து 14 ஆகக் குறைந்தது (7 வயதும் அதற்கு மேலும்). பெண்கள் 11 புள்ளி உயர்ந்ததும் ஆண்கள் 6 புள்ளி மட்டுமே உயர்ந்ததும்தான் காரணம். தமிழ்நாட்டில் இடைவெளி 18-லிருந்து 13 ஆனது. 2011-இல் கர்நாடக ஆண்கள் பத்தாண்டு முந்தைய தமிழ்நாட்டு ஆண்களின் அளவில் இருந்தார்கள். பெண்கள் அதே ஒப்பீட்டில் 4 புள்ளி முன்னே இருந்தார்கள்."

"புள்ளி"ன்னு போட்டிருக்கிறதை சதவீதம்னு மாத்திராதீங்க, 57லேர்ந்து 68 போறது 11 புள்ளி, ஆனா சதவீதக் கணக்குல அது கிட்டத்தட்ட 20 சதவீத உயர்வு, அர்த்தமே மாறிரும். "காரணம்"ங்கிற வார்த்தையும் கணக்கோட நிக்கட்டும், பெண்கள் ஏன் அவ்வளவு உயர்ந்தாங்கன்னு இந்த டேபிள் சொல்லல, நாமளா ஒரு திட்டத்தோட பேரைச் சேக்கக்கூடாது.

கடைசியா பாராவுல இருக்கிற ஒவ்வொரு நம்பரா ஸ்லைடுல தேடி டிக் போடுங்க, கழிச்சு வந்ததுன்னா எந்த ரெண்டு கட்டம்னு பக்கத்துல எழுதிட்டு அனுப்புங்க.